அவலும் நொய்யும்: ஓட்ஸ் காய்ச்சும் நம் காலை நடைக் குழுவினருக்கு

அன்புள்ள நடைக் குழு நண்பர்களுக்கு,

போன மாதம் நம்மில் ஆறு வீட்டார் சேர்ந்து ஒரு பெரிய ஸ்டீல் கட் ஓட்ஸ் பையை வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒரு வாரம் கழித்துப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசியபோது மூன்று வீட்டில் மூன்று விதமான சங்கடம். நாலாம் மாடி அக்கா பத்து நிமிடம் கொதிக்க வைத்தும் பல்லில் நறநறத்தது என்றார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் மைக்ரோவேவில் கிண்ணத்தை வைத்துவிட்டு வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், பாதிக் கஞ்சி சுழலும் கண்ணாடித் தட்டுக்கு வந்துவிட்டதாம். முதல் மாடி டீச்சர், ஸ்டீல் கட்டுக்குச் சொன்ன நேரத்தையே வீட்டில் இருந்த ரோல்டு ஓட்ஸுக்கும் கொடுத்துவிட்டார். வந்தது போஸ்டர் ஒட்டுகிற பசை.

மூவரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “எவ்வளவு தண்ணி, எத்தனை நிமிஷம்?” அன்று நடந்துகொண்டே வாய்க்கு வந்த ஒரு கணக்கைச் சொல்லிவிட்டேன். பள்ளியில் மனையியல் சொல்லிக்கொடுத்தவள் அப்படிப் பாதிப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. அதன்பின் இரண்டு வாரம் சமையலறைத் தராசை அடுப்பு மேடையில் வைத்து, ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பார்த்துக் காய்ச்சினேன். அந்தப் பதிலின் மீதியைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். உமி நீக்கிய முழு ஓட்ஸ் மணியை ஆவியில் பதப்படுத்தி, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் ரோல்டு. அதே மணியை எஃகுக் கத்திகளால் இரண்டு மூன்று துண்டாக நறுக்கினால் ஸ்டீல் கட். நம் கண்ணுக்குப் பழகிய உவமை ஒன்று இருக்கிறது. ரோல்டு ஓட்ஸ் என்பது அவல். ஸ்டீல் கட் என்பது நொய். இரண்டும் ஒரே நெல்லில் இருந்து வந்தவைதான். ஆனால் அவலைத் தண்ணீர் தெளித்தே சாப்பிட்டுவிடலாம், நொய்யை உலையில் போட்டுத்தான் ஆக வேண்டும். அவலை நொய்போல நேரம் கொடுத்துக் காய்ச்சினால் என்ன ஆகுமோ, அதுதான் டீச்சர் வீட்டில் ஆனது.

நம் கடைகளில் வெறுமனே ‘ஓட்ஸ்’ என்று கிடைப்பவற்றில் பல, ரோல்டிலேயே இன்னும் மெல்லியவை. பையில் மூன்று நிமிடம் என்று போட்டிருந்தால் அது அந்த மெல்லிய வகை. நான் கீழே ரோல்டுக்குச் சொல்லும் நேரம் தடித்த, முழு இதழாகத் தெரிகிற வகைக்கு. மெல்லியதற்கு அதில் பாதி போதும்.

வேகும் நேரம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. மாவுச்சத்து வேகத் தண்ணீரும் சூடும் துண்டின் நடு வரைக்கும் போய்ச் சேர வேண்டும். சூடு சீக்கிரம் போய்விடும். தண்ணீர்தான் மெதுவாக ஊறிப் போகும். போக வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் அதற்கு எடுக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ரோல்டு இதழின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்டீல் கட் துண்டின் கனம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். ஐந்து நிமிடத்துக்கும் இருபத்தைந்து நிமிடத்துக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் பிறக்கிறது. தீயைக் கூட்டி இதைக் குறைக்க முடியாது. கொதிக்கும் தண்ணீர் எவ்வளவு தீ வைத்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் தீ தண்ணீரை ஆவியாக்கும், அடிப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான்.

இனித் தண்ணீர். ரோல்டுக்கு ஒன்றுக்கு இரண்டு, ஸ்டீல் கட்டுக்கு ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு என்று பைகளில் படித்திருப்பீர்கள். அதைப் பார்த்து ஸ்டீல் கட் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். தராசில் வைத்த அன்றுதான் தெளிவானது. நம் வீட்டு 200 மில்லி டம்ளரில் ரோல்டு ஓட்ஸைத் தலை தட்டி அளந்தால் சுமார் 75 கிராம். அதே டம்ளரில் ஸ்டீல் கட் சுமார் 140 கிராம். இதழ்களுக்கு நடுவே காற்று. துண்டுகளோ நெருக்கி உட்கார்ந்துகொள்கின்றன. ஆக ரோல்டு ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் என்றால் எடையில் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். ஸ்டீல் கட் ஒரு டம்ளருக்கு நான்கு டம்ளர் என்றால் அதுவும் எடையில் ஐந்தரை மடங்குக்குச் சற்று மேல்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீரைத்தான் தமக்குள் வாங்கிக்கொள்கின்றன. டம்ளர் கணக்கு நம்மை ஏமாற்றியிருக்கிறது.

எனக்குப் பிடித்த பதம், கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழிகிற கஞ்சி. அதற்கு எடையில் ஆறு மடங்கு தண்ணீர் சரியாக வந்தது. ஒருவருக்கு 40 கிராம் ஓட்ஸ், 240 மில்லி தண்ணீர். இது கஞ்சிக்குள் கடைசியில் நிற்க வேண்டிய தண்ணீர். இதோடு, காய்ச்சும்போது ஆவியாகப் போகிற தண்ணீரையும் சேர்த்து ஊற்ற வேண்டும். இந்த இரண்டாவது பங்கைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பதம் கெடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

நான் செய்த ஒரு நாள் கணக்கை அப்படியே சொல்கிறேன். இரண்டு பேருக்கு 80 கிராம் ஸ்டீல் கட், 550 மில்லி தண்ணீர். பாத்திரத்தின் எடையைக் கழித்தால் தராசில் 630 கிராம். கொதி வந்ததும் சிம்மில் வைத்து, மூடியைச் சற்றே திறந்தாற்போலச் சாய்த்து 25 நிமிடம். இறக்கி நிறுத்தால் 560 கிராம். போனது 70 கிராம் தண்ணீர். கஞ்சிக்குள் நின்றது 480, அதாவது ஆறு மடங்கு. பதம் நான் நினைத்தபடியே இருந்தது. மறுநாள் எனக்கு மட்டும் காய்ச்ச, எல்லாவற்றையும் பாதியாக்கினேன்: 40 கிராமுக்கு 275 மில்லி. கஞ்சி களியாக இறுகிவிட்டது. ஏனென்றால் ஆவி போவது பாத்திரத்தின் வாயகலத்தையும் நேரத்தையும் பொறுத்தது. உள்ளே எவ்வளவு ஓட்ஸ் இருக்கிறது என்பது அதற்குப் பெரிதாகப் பொருட்டல்ல. ஒருவருக்குக் காய்ச்சினாலும் அதே 70 மில்லி போய்விடுகிறது. ஆகவே 240-உம் 70-உம் சேர்த்து 310 மில்லி. அதற்கு அடுத்த நாள் அப்படி ஊற்றினேன், சரியாக வந்தது.

உங்கள் அடுப்பும் பாத்திரமும் வேறு. மூடாமல் வைத்தால் இதைப்போல் இரண்டு மடங்கு கூடப் போகும். ஒரே ஒரு முறை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் உங்கள் வீட்டு எண் கிடைத்துவிடும். அதன்பின் தராசே வேண்டாம்.

தராசு இல்லாதவர்கள் 200 மில்லி டம்ளரில் இப்படி வைத்துக்கொள்ளலாம். அடுப்பில் ஸ்டீல் கட் ஒருவருக்கு: கால் டம்ளருக்குச் சற்று மேல் ஓட்ஸ், ஒன்றரை டம்ளர் தண்ணீர். இருவருக்கு: அரை டம்ளருக்குச் சற்று மேல் ஓட்ஸ், இரண்டே முக்கால் டம்ளர் தண்ணீர். ரோல்டு ஒருவருக்கு: அரை டம்ளர் குவியலாக, ஒன்றேகால் டம்ளரும் இன்னும் கொஞ்சமும் தண்ணீர், அதாவது 270 மில்லி. ரோல்டு அடுப்பில் இருக்கும் நேரம் குறைவு, ஆவியாகப் போவதும் 30 மில்லி அளவுதான்.

அடுப்பில் ரோல்டு காய்ச்ச இரண்டு வழி. பச்சைத் தண்ணீரிலேயே ஓட்ஸைப் போட்டு ஏற்றினால், சூடு ஏறுகிற நேரம் முழுக்க மாவுச்சத்தும் நார்ச்சத்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கி, கஞ்சி வழவழப்பாகக் கூடி வரும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இதழ்கள் தனித்தனியாக நிற்கும். நமக்குக் கஞ்சிதானே வேண்டும், நான் பச்சைத் தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறேன். நடுத்தரத் தீயில் கொதி வரட்டும். பின் சிம்மில் ஐந்து நிமிடம், அடிக்கடி கிளறியபடி. கரண்டி ஓடிய தடம் ஒரு நொடி நின்று மூடிக்கொண்டால் அணைத்துவிட்டு மூடி, இரண்டு நிமிடம் விடுங்கள். கெட்டியானபின் அணைக்கலாம் என்று காத்திருந்தால் தட்டுக்கு வரும்போது களியாகிவிடும். ஓட்ஸ் கஞ்சி ஆற ஆற இறுகும்.

ஸ்டீல் கட்டை நான் கொதிக்கிற தண்ணீரில்தான் போடுகிறேன். பச்சைத் தண்ணீரில் போட்டால் துண்டுகள் அடியில் படிந்து, கொதி வருவதற்குள் ஒட்டிக்கொள்கின்றன. முதல் ஐந்து நிமிடம் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும்: மேலே தெளிந்த தண்ணீர், கீழே நொய். பத்தாம் நிமிடத்துக்கு மேல்தான் தண்ணீர் பால்போல் மங்கத் தொடங்கும். நாலாம் மாடி அக்கா நிறுத்தியது இந்தக் கட்டத்தில்தான். பதினைந்தாம் நிமிடத்தில் இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடி வரைக்கும் கரண்டி போக வேண்டும். வெந்ததா என்று பார்க்க, சோறு பதம் பார்ப்பது போலத்தான்: ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் விதை தட்டுகிறது என்று அர்த்தம். புள்ளி மறைந்தபின்னும் பல்லுக்கு ஒரு சின்ன இழுவை இருக்கும். அது வேகாத குறையல்ல, அந்த ஓட்ஸின் இயல்பே அது. அந்த இழுவையும் போக வேண்டும் என்று இன்னும் காய்ச்சினீர்களானால் ஸ்டீல் கட் வாங்கியதற்கே பொருள் இல்லை.

ஸ்காட்லாந்தில் கார்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1994 முதல் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சும் போட்டி நடக்கிறது. மரபுப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு மூன்று மட்டுமே அனுமதி; பால் கிடையாது. அவர்கள் கிளறுவது தட்டைக் கரண்டியால் அல்ல, நம் மத்தின் காம்பு போன்ற ஓர் உருண்டைக் கோலால். கட்டி தட்டாமல் அடியைக் கலக்க அதுவே வசதி. நானும் மத்துக் காம்பால் கிளறிப் பார்த்தேன், இப்போது அதைத்தான் பழக்கமாக்கிக்கொண்டேன். பால் வேண்டுமென்பவர்கள் கடைசி இரண்டு நிமிடத்தில் சேருங்கள், முதலிலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும். மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குடிப்பவர்கள் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் விடுங்கள், சுடச்சுட விட்டால் திரிந்துபோகும்.

இப்போது வங்கி அண்ணனின் மைக்ரோவேவுக்கு வருகிறேன். ஓட்ஸ் ஏன் பொங்குகிறது? தண்ணீரில் இறங்கிய மாவும் புரதமும் நார்ச்சத்தும் ஒவ்வொரு ஆவிக் குமிழிக்கும் ஒரு தோல் கட்டிவிடுகின்றன. குமிழி உடையாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறது. அடுப்பில் நாம் கிளறி உடைக்கிறோம், தீயைக் குறைக்கிறோம். மூடிய பெட்டிக்குள் அதைச் செய்ய ஆள் இல்லை.

நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 240 மில்லி தண்ணீரும் 40 கிராம் ஓட்ஸும் கொதிக்க வர, 800 வாட் மைக்ரோவேவில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகிறது. அது வரைக்கும் வழிய வாய்ப்பே இல்லை. அதற்குப் பின் முழு வேகத்தில் ஓடும் ஒவ்வொரு நொடியும் நுரை ஏறுகிற நொடி. ஆகவே ரோல்டுக்கு முழு வேகத்தில் இரண்டு நிமிடம். திறந்து கிளறி, பாதி வேகத்தில் இன்னும் இரண்டு நிமிடம். மூடி வைத்து இரண்டு நிமிடம். தண்ணீர் 260 மில்லி போதும், ஆவியாகப் போவது அடுப்பைவிடக் குறைவு. உங்கள் பெட்டி 1000 வாட் என்றால் இன்னும் முன்பே கொதிக்கும். முதல் நாள் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, நுரை எழும்புகிற கணத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். அதற்குப் பத்து நொடி முன்னதுதான் உங்கள் பெட்டியின் முதல் கட்ட நேரம்.

பாதி வேகம் என்ற பொத்தானை நம்மில் பலர் தொடுவதே இல்லை. சாதாரண மைக்ரோவேவில் பாதி வேகம் என்றால் கதிர் பாதியாகக் குறைவதில்லை. முழு வேகத்தில் சில நொடி ஓடி, சில நொடி நின்று, மறுபடி ஓடுகிறது. காது கொடுத்தால் உறுமல் மாறுவது கேட்கும். நிற்கிற அந்த நொடிகளில் நுரை அடங்கிவிடுகிறது. பால் பொங்கும்போது நாம் அடுப்பைச் சட்டென்று தணிப்பது போல, அந்தப் பெட்டியே நமக்காகத் தணித்துத் தருகிறது.

பாத்திரமும் முக்கியம். ஓட்ஸும் தண்ணீரும் சேர்ந்து கிண்ணத்தில் கால் பங்குக்கு மேல் நிறையக் கூடாது. ஒருவருக்கே ஒன்றேகால் லிட்டருக்குக் குறையாத கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம் வேண்டும். சாப்பிடுகிற கிண்ணத்திலேயே காய்ச்சிவிடலாம் என்பதுதான் அண்ணன் செய்தது. கால் தேக்கரண்டி நெய் விட்டால் நுரை ஓரளவு அடங்கும், ஆனால் சிறிய கிண்ணத்தை அது காப்பாற்றாது.

ஸ்டீல் கட்டை மைக்ரோவேவில் காய்ச்ச முடியுமா என்றால், முடியும். 40 கிராமுக்கு 320 மில்லி தண்ணீர், இரண்டு லிட்டர் கிண்ணம். முழு வேகத்தில் இரண்டரை நிமிடம், கொதி வந்ததும் 30 சதவீத வேகத்தில் 15 நிமிடம், நடுவே இரண்டு முறை கிளறல், பின் மூடி ஐந்து நிமிடம். கூட்டிப் பாருங்கள், 22 நிமிடத்துக்கு மேல் வந்துவிட்டது. மைக்ரோவேவ் தண்ணீரைத்தான் வேகமாகச் சூடாக்கும். துண்டின் நடுவுக்குத் தண்ணீர் ஊறிப் போவதை அது துரிதப்படுத்தாது. கொதிக்கும் தண்ணீர் அங்கேயும் 100 டிகிரிதான். ஆகவே நேரம் மிச்சம் என்று ஸ்டீல் கட்டை அதில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடிப்பிடிக்காது என்பது ஒன்றுதான் லாபம். முழங்கால் வலியால் அடுப்பருகே நிற்க முடியாதவர்களுக்கு அது பெரிய லாபம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையாக நேரம் மிச்சமாவது முந்தின இரவில். இரவே ஸ்டீல் கட்டை அளந்த தண்ணீரில் ஊற வைத்துவிட்டால், அடுப்பு செய்ய வேண்டிய வேலையில் பாதியைத் தண்ணீர் தானாகச் செய்துவிடுகிறது. காலையில் ஊறிய தண்ணீரோடு அடுப்பில் ஏற்றினால் கொதி வந்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெள்ளைப் புள்ளி மறைந்துவிடும். காய்ச்சும் நேரம் பாதியானதால் ஆவியாகப் போவதும் பாதி. 310-க்குப் பதில் 275 மில்லி வையுங்கள். மைக்ரோவேவிலும் இதற்குத்தான் பொருள் உண்டு: முழு வேகத்தில் இரண்டரை நிமிடம், 30 சதவீதத்தில் ஏழு எட்டு நிமிடம், மூடி ஐந்து நிமிடம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை: ஊறும் பாத்திரம் ஃபிரிட்ஜுக்குள் இருக்கட்டும், மேடையில் வைத்தால் கோடையில் விடிவதற்குள் புளித்துவிடும். ஒரு கொதி விட்டு மூடி இரவெல்லாம் வெளியே வைக்கும் பழக்கம் குளிர் நாடுகளில் உண்டு. நம் வெப்பத்தில் வெந்த தானியத்தை அப்படி விடுவது வயிற்றுக்கு ஆகாது, தயவுசெய்து வேண்டாம்.

சர்க்கரைக்காகத்தானே ஸ்டீல் கட் என்று நம்மில் மூன்று பேர் மாறினோம். உடனடியாகக் குழையும் இன்ஸ்டன்ட் வகைக்கும் இவற்றுக்கும் வேறுபாடு பெரிது. அது வேகமாகச் செரித்து இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். ஆனால் தடித்த ரோல்டுக்கும் ஸ்டீல் கட்டுக்கும் நடுவே வேறுபாடு சிறியதுதான். அந்த இழுவை பிடிக்காமல் கஷ்டப்பட்டு விழுங்குகிறவர்கள் ரோல்டுக்கே திரும்பலாம். பசையாகும் வரை காய்ச்சாமல் இருந்தால் போதும்.

குக்கரில் வைக்கலாமா என்று மேல் மாடித் தம்பதி கேட்டிருந்தீர்கள். நேரடியாக வைக்காதீர்கள், நுரை வெயிட் துளையை அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் விட்டு, தனிப் பாத்திரத்தில் கால் பங்குக்குள் வைப்பவர்கள் உண்டு. நான் இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை.

தராசு எங்கள் வீட்டில் சும்மாதான் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாலாம் மாடி அக்கா எடுத்துக்கொள்ளட்டும், அவர் பையில்தான் இன்னும் அரைக் கிலோவுக்கு மேல் மீதி இருக்கிறது. காய்ச்சும் முன்னும் பின்னும் வந்த இரண்டு எண்களை ஒரு சீட்டில் எழுதி, தராசோடு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
இரண்டாம் மாடியில் இருந்து உங்கள் தோழி